தாத்தாவின் பாக்கெட் வாட்சை இன்று அணியலாமா?

பழைய பாக்கெட் வாட்சைப் பிரித்து வேலை பார்க்கும் ரிப்பேர்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பேலன்ஸ் சக்கரத்தை மட்டும் லென்ஸில் காட்டச் சொல்லிப் பாருங்கள். சக்கரத்தின் நடுவே ஓர் எஃகு அச்சு இருக்கும். அதன் இரண்டு நுனிகளும் மெலிந்துகொண்டே போய், கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக் கனத்தில் முடியும். ஒரு தலைமுடியின் கனம்தான். வாட்ச் ஓடும்போது அவ்வளவு பெரிய சக்கரமும் இந்த இரண்டு நுனிகளை மட்டும் நம்பித்தான் முன்னும் பின்னும் ஆடுகிறது. நொடிக்கு ஐந்து அடி. ஒரு நாளைக்கு 4,32,000.

இன்றைய கைக்கடிகாரங்களில் இந்த நுனிகள் உட்காரும் கற்களுக்கு மேல் சின்ன ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அடி விழுந்தால் கல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், நுனி தப்பித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு 1930களில்தான் பரவலாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய பாக்கெட் வாட்சில் அப்படி எதுவும் கிடையாது. இடுப்பு உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் ஒரு முறை விழுந்தால் போதும், நுனி ஒடிந்துவிடும். வெளியே கண்ணாடியில் கீறல்கூட இருக்காது. ஆனால் வாட்ச் நின்றிருக்கும். அல்லது டயல் மேல் பார்த்துக் கிடக்கும்போது ஓடி, கவிழ்த்து வைத்தால் நின்றுபோகும். இப்படி ஒரு நிலையில் ஓடி இன்னொரு நிலையில் நிற்பது, அச்சு நுனி ஒடிந்ததற்கோ வளைந்ததற்கோ முக்கியமான அடையாளம்.

பாக்கெட் வாட்ச் அணிய விரும்புகிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால், சங்கிலி, பாக்கெட், சாவி கொடுக்கும் முறை என மற்றதெல்லாம் ஏன் அப்படிச் சொல்லப்படுகின்றன என்பது தானே விளங்கும். சங்கிலியை ஓர் அலங்காரமாகவே பலர் நினைக்கிறார்கள். அது வாட்ச் கீழே விழாமல் தடுக்கும் கயிறு. அழகு அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

கும்பகோணத்தில் இருக்கும் என் நண்பருக்குத் தாத்தாவின் வாட்ச் ஒன்று பீரோவிலிருந்து கிடைத்தது. மூடியில்லாத, வெள்ளை டயல் போட்ட அமெரிக்க வால்தம். 1850இல் தொடங்கி 1957 வரை மாசசூசெட்ஸில் கடிகாரம் செய்த கம்பெனி அது. வாட்சின் பின்மூடியைத் திறந்தால், உள்ளே இயந்திரத் தகட்டின் மேல் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து வாட்ச் செய்த ஆண்டைக் கண்டுபிடிக்கப் பட்டியல்கள் உண்டு. நண்பருடையது ‘16 சைஸ்’. அமெரிக்கக் கணக்கில் இதன் பொருள், உள்ளே இருக்கும் இயந்திரத் தகடு சுமார் 43 மில்லிமீட்டர் அகலம் என்பது. கூட்டோடு சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் நல்ல கனம் தெரியும். தமிழ்நாட்டு வீடுகளில் வால்தமைவிட வெஸ்ட் எண்ட் கம்பெனி வாட்சுகளும், சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயர் எழுதிய டயல்களும் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாட்ச் எதுவானாலும் இங்கே சொல்லப்போகிற முறை ஒன்றுதான்.

பீரோவிலிருந்து எடுத்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்கத் தோன்றும். நண்பர் நல்லவேளையாக அதைச் செய்யாமல் நேராக ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “தம்பி, எண்ணெய் பூராவும் காஞ்சு பிசினா நிக்குது. இப்ப ஓட்டினா ஓடும். ஓட ஓட அச்சைத் தின்னுடும்.”

“அப்போ என்ன பண்ணலாம் ஐயா?”

“பிரிச்சுக் கழுவி எண்ணெய் போடணும். மெயின் ஸ்பிரிங்கையும் மாத்திடுவோம். ஒடியற வரைக்கும் காத்திருக்க வேணாம்.”

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கை எதற்கு மாற்ற வேண்டும் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து மெயின் ஸ்பிரிங் நீலம் பாய்ச்சிய கார்பன் எஃகு. பல ஆண்டுகள் சுருண்டே கிடந்து களைத்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் எங்காவது ஒரு துருப்புள்ளி விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஒடிவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். முழுச் சாவியில் இருக்கும்போது ஸ்பிரிங் ஒடிந்தால், அடைபட்டிருந்த மொத்த விசையும் ஒரே நொடியில் வெளியேறும். அந்த உதையில் ஸ்பிரிங் டப்பாவின் பற்களோ அடுத்த சக்கரத்தின் பற்களோ முறியலாம். வால்தம் போன்ற அமெரிக்க வாட்சுகள் பலவற்றில் இந்த உதையைத் தாங்க, நடுச்சக்கரத்தின் பல்லிணை தானாகக் கழன்றுகொள்ளும்படி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லா வாட்சிலும் அது இல்லை. இன்று துருப்பிடிக்காத உலோகக் கலவையில் செய்த ஸ்பிரிங்குகள் புழக்கத்திலுள்ள அளவுகளுக்குக் கிடைக்கின்றன. சர்வீஸின்போதே மாற்றிவிடுவதுதான் அறிவு.

சர்வீஸ் முடிந்து வாட்ச் கைக்கு வந்ததும் சங்கிலி வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, வாட்சின் தலையில் இருக்கும் வளையம். சங்கிலியின் கொக்கி இதில்தான் மாட்டும். வளையத்தின் இரண்டு முனைகளும் கழுத்தின் இருபுறமும் உள்ள குழிகளில் செருகியிருக்கும், அவ்வளவுதான். நூறு வருஷம் ஆடி ஆடி அந்தக் குழிகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். வளையத்தின் மேல்பகுதியும் கொக்கி உரசிய இடத்தில் மெலிந்திருக்கும். கட்டில் மெத்தையின் மேல் வாட்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை இருபுறமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்து ஆடினாலோ, லேசாகத் திருப்பும்போது ஒரு முனை வெளியே வந்தாலோ, சரி செய்யாமல் அணியக்கூடாது. எவ்வளவு உயர்ந்த சங்கிலி போட்டாலும் இந்த வளையம் கழன்றால் சங்கிலி மட்டும் சட்டையில் தொங்கும், வாட்ச் தரையில் கிடக்கும். பார்க்கச் சின்ன வேலை. நல்ல ரிப்பேர்காரரோ பொற்கொல்லரோ குழியை இறுக்கி வளையத்தைச் சரியாக உட்கார வைத்துவிடுவார்.

சங்கிலிகளில் பலரும் படங்களில் பார்த்திருப்பது ஆல்பர்ட் சங்கிலி. விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டின் பெயரால் வழங்குவது. ஒரு முனையில் வாட்சை மாட்டும் ஸ்பிரிங் கொக்கி, மறுமுனையில் பொத்தான் காஜாவுக்குள் நுழைத்துக் குறுக்கே நிற்க வைக்கும் சின்னக் கம்பி. அந்தக் கம்பிக்குப் பக்கத்திலிருந்து தொங்கும் குட்டித் துண்டில் முத்திரையோ பதக்கமோ மாட்டிக்கொள்வார்கள். இது ஒற்றை ஆல்பர்ட். வேஸ்ட்கோட்டின் இரண்டு பைகளுக்கும் நடுவே தோரணம் மாதிரி இருபுறமும் வளைந்து தொங்குவது இரட்டை ஆல்பர்ட். அதன் ஒரு பக்கம் வாட்ச், மறுபக்கம் சாவியோ பேனாக்கத்தியோ. தினமும் அணிகிறவருக்கு ஒற்றையே போதும் என்பது என் கருத்து. இரட்டை ஆல்பர்ட்டில் இரண்டாவது பைக்கென்று கூடுதல் கனம் சேரும், எங்காவது மாட்டி இழுக்கவும் இடம் அதிகம்.

பழைய வெள்ளிச் சங்கிலி வாங்கினால் கண்ணிகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் செய்த நல்ல சங்கிலிகளில் ஒவ்வொரு கண்ணியிலும் நடக்கும் சிங்கத்தின் சின்ன முத்திரை இருக்கும். வெள்ளியின் தரத்துக்கு அது சாட்சி. ஆனால் தரம் வேறு, உறுதி வேறு. கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்து பாதிக் கனமாகியிருக்கிறதா, சேர்ப்பு வளையங்களின் வாய் பற்றவைக்காமல் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கொக்கி. அதன் நாக்கை அழுத்தி விட்டால் டக்கென்று முழுக்க மூட வேண்டும். மெதுவாக வந்து ஓர் இழை இடைவெளி விட்டு நின்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது. அந்த இடைவெளி வழியாகத்தான் வாட்ச் தொலைகிறது. இன்னொன்று: எஃகுக் கொக்கியை வெள்ளி அல்லது தங்க வளையத்தில் நேரடியாக மாட்டினால் எஃகு தேயாது, வளையம்தான் தேயும். கூட்டின் உலோகமும் கொக்கியின் உலோகமும் ஒன்றாக இருப்பதே நல்லது.

இதெல்லாம் வேஸ்ட்கோட் போடுகிறவருக்கு. நம் ஊரில் யார் தினமும் வேஸ்ட்கோட் போடுகிறார்கள்? கல்யாணத்துக்குப் போடும் கையில்லாத நேரு கோட் அந்த வேலையை நன்றாகவே செய்யும். கீழே இரண்டு பைகள், கெட்டியான துணி, உறுதியான காஜா என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் சட்டைக்கு ஆல்பர்ட் சங்கிலி சரிவராது. சட்டைத் துணி மெல்லியது. காஜா செங்குத்தாக இருப்பதால் குறுக்குக் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவும். வாட்சும் சங்கிலியும் சேர்ந்து இழுத்தால் முதலில் கிழிவது காஜாதான்.

நண்பருக்கு நான் சொன்னது பட்டுக் கயிறு. கறுப்புப் பட்டு நூலில் கெட்டியாகப் பின்னிய கயிறு, ஒரு முனையில் சின்னக் கொக்கி, மறுமுனையில் பேன்ட்டின் பெல்ட் பட்டிக்குள் விட்டு இழுக்கும் கண்ணி. உலோகச் சங்கிலியைப் போலக் கூட்டை உரசிக் கீறாது, சத்தமும் போடாது, வேர்வை பட்டால் துவைத்துக் காயப்போடலாம். கயிறும் நாடாவும் வாட்சுக்குப் புதியவை அல்ல. சங்கிலி வாங்க வசதியில்லாதவர்களும், துக்கத்தில் இருந்தவர்களும் அந்தக் காலத்திலேயே பயன்படுத்தியவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கயிறு தேய்வது கண்ணுக்கு எளிதில் தெரியாது.

நீளமும் முக்கியம். கட்டிய இடத்திலிருந்து வாட்சை எடுத்து வயிற்றுக்கு முன்னால் சாய்த்து மணி பார்க்கும் அளவுக்கு நீளம் போதும். முகம் வரை தூக்குகிற அளவுக்கு நீளம் வைத்தால், கை நழுவும்போது வாட்ச் முழங்கால் வரை போய் ஊசலாடி மேஜை விளிம்பிலோ நாற்காலியிலோ மோதும். விழாமல் காப்பாற்ற வந்த சங்கிலியே அடித்து உடைத்த கதையாகிவிடும். 25 முதல் 30 சென்டிமீட்டர் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

இனி பாக்கெட். ஜீன்ஸ் போடுகிறவர்கள் வலப்பக்கப் பைக்குள் இருக்கும் குட்டிப் பையைக் காட்டி, “இது வாட்சுக்குத்தானே?” என்று கேட்பார்கள். ஆமாம், 1870களில் லீவைஸ் நிறுவனம் செய்த பேன்ட்டுகளிலேயே அந்தப் பை உண்டு, வாட்ச் வைக்கத்தான். ஆனால் இன்றைய இறுக்கமான ஜீன்ஸில் 16 சைஸ் வாட்சை அதில் திணித்துவிட்டு உட்கார்ந்தால், தொடை மடிப்பு கண்ணாடியை அழுத்தும். கண்ணாடி முள்ளைத் தொட்டால் வாட்ச் நிற்கும். கொஞ்சம் கூடினால் கண்ணாடியே உடையும். சிறிய 12 சைஸ் வாட்ச், தளர்வான ஜீன்ஸ் என்றால் சரி.

வேட்டி கட்டுகிறவர்கள் அகலமான பெல்ட்டின் பையில் வைக்கலாமே என்று நினைப்பார்கள். வேண்டாம். உடம்பில் வேர்வை ஊறும் இடமே அதுதான். பழைய கூடுகள் நீர் புகாதவை அல்ல; வேர்வையின் உப்பும் ஈரமும் சாவிக் குமிழின் தண்டு வழியாக இறங்கும். இறங்கிய இடத்தில் முதலில் துருப்பிடிப்பது அந்தத் தண்டுதான். காந்தி இடுப்பு வேட்டியிலிருந்து வாட்சைத் தொங்கவிட்டிருந்ததைப் படங்களில் பார்த்திருப்போம். அது எளிய, விலை குறைந்த இங்கர்சால் வாட்ச். உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிற வகை. நூறு வயதான குடும்ப வாட்சுக்கு அந்த இடம் ஆகாது.

நண்பர் தன் டெய்லரிடம் சொல்லி பேன்ட்டின் முன்புறம், இடுப்புப் பட்டிக்குச் சற்றுக் கீழே தனிப் பை ஒன்று தைத்துக்கொண்டார். அதன் அளவைச் சொல்கிறேன், உதவும். உள்ளகலம் 7 சென்டிமீட்டர், ஆழம் 10. வாட்ச் தளர்வாக இறங்கி, தலை வளையம் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். பையின் அடியில் இரட்டைத் தையல். தையல் மடிப்புகள் வெளிப்பக்கமாக இருப்பதால் உள்ளே நூல் பிசிறு இல்லை. உட்துணிக்கு மென்மையான பருத்தி ஃபிளானல், ஒரு முறை துவைத்து உலர்த்திய பிறகு தைத்தது. புதுத் துணியின் கஞ்சிக்காக அந்த ஏற்பாடு. கஞ்சி போட்ட துணி நடக்க நடக்க உராய்ந்து பொடியாக உதிரும். பஞ்சும் அந்தப் பொடியும் சேர்ந்து கூட்டின் விளிம்பிலும் குமிழின் அடியிலும் அடைந்து, கடைசியில் எண்ணெயைத் தொடும். எண்ணெயில் கலந்த தூசு அச்சை அறுக்கும் அரம் மாதிரி.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் பையை வெளியே இழுத்துப் புரட்டி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். அடித்தையலை விரலால் தடவி ஓட்டை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பையில் வேறெதுவும் கூடாது. சில்லறை, சாவிக்கொத்து, பேனா எல்லாமே கூட்டைக் கீறும். இவற்றைவிட ஆபத்தானது செல்போன். அதன் ஸ்பீக்கரிலும், உறைகளின் மூடியிலும் காந்தம் இருக்கிறது. பழைய வாட்சின் ஹேர் ஸ்பிரிங் எஃகில் ஆனது. காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகி வாட்ச் தலைதெறிக்க ஓடும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த வாட்ச் திடீரென்று நாளைக்குப் பல நிமிடங்கள் முந்தினால், முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். மேஜையில் ஒரு திசைகாட்டியை வைத்து, ஓடும் வாட்சை அருகில் கொண்டுபோங்கள். திசைகாட்டியின் முள் சக்கரத்தின் ஆட்டத்துக்கேற்பத் துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. ரிப்பேர்காரரிடம் இருக்கும் காந்தம் நீக்கும் கருவி நொடிகளில் அதைச் சரி செய்துவிடும்.

பையில் வைக்கும்போது கண்ணாடி உடம்பைப் பார்த்து இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் இடியை உலோகப் பின்மூடி தாங்கும். குமிழ் மேலே இருக்க வேண்டும். பாக்கெட் வாட்ச் அப்படி நிற்கும்போது சரியாக ஓடும்படிதான் சீர்செய்யப்பட்டது. ஸ்கூட்டர், பைக் ஓட்டும்போது அணிய வேண்டாம். அந்த ஓயாத அதிர்வு பேலன்ஸ் அச்சுக்கு ஆகாது. பஸ்ஸில், ரயிலில் உட்கார்ந்து போவதில் பிரச்சினை இல்லை.

மூடி போட்ட வாட்ச் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடியைத் திறக்கக் குமிழை அழுத்துவார்கள்; மூடும்போது மட்டும் சினிமாவில் வருவதுபோல் டப்பென்று அடித்து மூடுவார்கள். அந்தச் சத்தம், மூடியின் மெல்லிய உதட்டை உள்ளே இருக்கும் எஃகுத் தாழ் தேய்க்கும் சத்தம். தங்கத்திலும் வெள்ளியிலும் அந்த உதடு சீக்கிரமே மழுங்கி, பிறகு மூடி தாழ்ப்பாளில் நிற்காது. மூடும்போதும் குமிழை அழுத்திக்கொண்டே மூடியைக் கீழே கொண்டுவந்து, படிந்த பிறகு குமிழை விட வேண்டும். ஓசையே வராது.

இப்போது சாவி கொடுப்பதற்கு வருவோம். “ஓவரா சாவி குடுத்துட்டேன், அதான் நின்னுடுச்சு” என்று சொல்லாத வாட்ச்காரர் இல்லை. அது உண்மையல்ல. மெயின் ஸ்பிரிங்குக்கு ஒரு முடிவு உண்டு. முழுக்கச் சுருண்டதும் அதற்கு மேல் சுருள இடமில்லை. முழுச் சாவியில் வாட்ச் நிற்கிறது என்றால், எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது உள்ளே எங்கோ ஒடிந்திருக்கிறது. ஓடவில்லையே என்று திரும்பத் திரும்பச் சாவி கொடுத்ததால் ஸ்பிரிங் முழுக்க ஏறி நிற்கிறதே தவிர, ஏறியதால் வாட்ச் நிற்கவில்லை. ஆனால் கெட்டியாகி நின்ற பிறகும் வலுவில் திருகினால் பழைய எஃகு ஸ்பிரிங் ஒடியும், அல்லது தண்டு முறியும். பயப்பட வேண்டியது அந்தக் கடைசி அரைத் திருகுக்குத்தான்.

காலையில் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாட்சுகள் ஒரு முழுச் சாவிக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் கடைசி மணிகளில் விசை குறைந்து நேரம் பிசகும். காலையில் கொடுத்தால், அணிந்து நடக்கும் பகல் முழுவதும் ஸ்பிரிங் பலமாக இருக்கும். அசைவும் குலுக்கலும் நேரத்தை அவ்வளவாகக் கெடுக்காது. இரவு கொடுத்தால் பலம் முழுக்கத் தூக்கத்தில் போகிறது.

வாட்சை பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பைக்குள் வைத்தபடியே குமிழைத் திருகினால் தண்டு பக்கவாட்டில் வளையும். சங்கிலியைக் கழற்றாதீர்கள். வாட்ச் கை நழுவி விழுவது பெரும்பாலும் சாவி கொடுக்கும்போதுதான், அதனால் கட்டிலின் மேல் கையை வைத்துக்கொண்டு கொடுப்பது நல்லது. இடக்கையில் வாட்சை விளிம்போடு அணைத்துப் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குமிழை உருட்ட வேண்டும். முன்பக்கம் அரைச் சுற்று போகும்போது கிர்கிர் என்று பல்தாழ் விழும் சத்தம் கேட்கும். பின்னால் வரும்போது குமிழ் இலகுவாகத் திரும்பும். வேகம் வேண்டாம், சத்தத்தைக் கேட்டபடி ஒரே சீராகக் கொடுங்கள். சில நாளில் உங்கள் வாட்சுக்கு எத்தனை அரைச் சுற்று என்று கையே கணக்கு வைத்துக்கொள்ளும். முடிவை நெருங்கும்போது குமிழ் கனக்கும். பிறகு சுவர் போல நிற்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தியதும் குமிழை உடனே விட்டுவிடாமல், விரல்களுக்குள் வைத்தபடியே மெல்லப் பின்னால் வரவிடுங்கள். கொஞ்சம் பின்வாங்கித் தாழ் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் இறுக்கத்தின் உச்சத்தில் நின்றால் பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, மறுபக்கம் இடித்துக்கொண்டு வாட்ச் முந்தத் தொடங்கும். அந்த இம்மியளவு தளர்ச்சி அதைத் தடுக்கிறது.

விரல்களுக்கு இரண்டு ஆபத்துகள் தெரிய வேண்டும். எவ்வளவு திருகினாலும் கனமே ஏறாமல் குமிழ் சுற்றிக்கொண்டே இருந்தால் மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. மாறாக, விரலை எடுத்ததும் குமிழ் சரேலென்று பின்னால் சுழன்றால் தாழ் வேலை செய்யவில்லை. இரண்டிலும் அந்த நொடியே நிறுத்தி ரிப்பேர்காரரிடம் போக வேண்டும். இன்னொரு முறை முயன்று பார்ப்பதால்தான் சின்னச் செலவு பெரிய செலவாகிறது.

குமிழ் இல்லாமல், தனிச் சாவியால் திருகும் இன்னும் பழைய வாட்ச் என்றால் கூடுதல் கவனம் தேவை. சாவி சதுர முனையில் ஆடாமல் உட்கார வேண்டும். பெரிய சாவி சதுரத்தின் மூலைகளை மழுக்கிவிடும். எந்தப் பக்கம் திருகுவது என்பதும் வாட்சுக்கு வாட்ச் மாறும். ஒரு பக்கம் மெல்லிய கிர்கிர் சத்தத்தோடு நகரும், மறுபக்கம் அசையாது. அசையாத பக்கத்தில் பலம் போடாதீர்கள்.

மணி திருத்தும் முறையும் எல்லா வாட்சிலும் ஒன்றல்ல. பெரும்பாலானவற்றில் குமிழை மேலே இழுத்துத் திருகலாம். சில ஸ்விஸ் வாட்சுகளில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதை நகத்தால் அழுத்திக்கொண்டே குமிழைத் திருக வேண்டும். அமெரிக்க ரயில்வே வாட்சுகளில் முன்கண்ணாடியின் வளையத்தைத் திருகிக் கழற்றி, டயலின் விளிம்பில் ஒளிந்திருக்கும் சின்ன நெம்புகோலை வெளியே இழுக்க வேண்டும். 1891இல் ஓஹியோவின் கிப்டன் ஊரில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் சி. பால் ரயில்வே வாட்சுகளைச் சோதிக்கும் பொறுப்பேற்றார். அதன் வழியே வந்த கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று. சாவி கொடுக்கும்போது குமிழ் தவறி இழுபட்டு முள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் வாட்சில் குமிழ் மேலே வரவில்லை என்றால் பலமாக இழுக்காதீர்கள். பொத்தான் இருக்கிறதா, நெம்புகோல் இருக்கிறதா என்று தேடுங்கள். நெம்புகோலைத் திரும்ப உள்ளே தள்ளிய பிறகுதான் கண்ணாடியை மூட வேண்டும்.

இரவில் சங்கிலியைக் கழற்றி, வேர்வை பட்ட இடங்களை உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, வாட்சை நின்ற நிலையிலேயே வையுங்கள். சுவர் ஆணியில் சும்மா தொங்கவிட வேண்டாம். பேலன்ஸின் ஆட்டம் வாட்ச் முழுவதையுமே கண்ணுக்குத் தெரியாமல் ஊசலாட வைத்து, நேரத்தை நிமிடக்கணக்கில் பிசகச் செய்யும். பின்மூடி சாய்ந்துகொள்ள இடமுள்ள மரத்தாங்கி ஒன்றை எந்தத் தச்சரும் செய்து தருவார். வெள்ளிக் கூட்டைப் பாலிஷ் பசை போட்டுத் தேய்க்காதீர்கள்; பசை குமிழின் கழுத்து வழியாக உள்ளே இறங்கும்.

நண்பரின் வால்தம் இப்போது நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள்தான் பிசகுகிறது. புதிதாக இருந்தபோது ரயில்வே வாட்சுகளிடம் எதிர்பார்த்தது வாரத்துக்கு 30 விநாடி. இந்த வயதில் இந்த ஓட்டம் தாராளம். வாரத்துக்கு ஒரு முறை முள்ளைத் திருத்திக்கொள்கிறார். நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெய் மாற்றினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று கிடந்தால், காதில் வைத்துப் பார்க்கும் ஆசையை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். பழைய வாட்ச் பிரிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் வயதானவராக இருப்பார். அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.